தலைவரின் குடும்பத்துக் காணியும் சுயாதீனப் பணிப்பாளரின் கையெழுத்தும்

கேள்வி: நான் வங்கியொன்றின் கடன் பிரிவில் முப்பது ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். கொழும்பில் பட்டியலிடப்பட்ட கம்பனி ஒன்றில் சுயாதீனப் பணிப்பாளராகவும் கணக்காய்வுக் குழு உறுப்பினராகவும் சேரும்படி கேட்கிறார்கள். தலைவரின் குடும்பத்துக் கம்பனியிடமிருந்து காணியும் களஞ்சியமும் வாங்கும் யோசனை ஒன்று விரைவில் சபைக்கு வரும் என்று கேள்விப்பட்டேன். மதிப்பீட்டாளரின் அறிக்கை இருக்கிறதாம். அறிக்கை இருந்தால் எனக்கு அது போதாதா? நான் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்:

போதாது. ஏன் போதாது என்பதை 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டமே சொல்லிவிடுகிறது. 190 ஆம் பிரிவின்படி ஒரு பணிப்பாளர் ஊழியர்களின் அறிக்கையிலும், நிபுணரின் ஆலோசனையிலும், தாம் அங்கம் வகிக்காத குழுவின் முடிவிலும் தங்கியிருக்கலாம். ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு. அவர் நல்லெண்ணத்துடன் நடக்க வேண்டும். சூழ்நிலை விசாரணையை வேண்டி நிற்கும்போது முறையாக விசாரிக்க வேண்டும். அந்த அறிக்கையில் தங்கியிருப்பது தகாது என்பதை அவர் அறிந்திருக்கக் கூடாது. விற்பவர் தலைவரின் குடும்பம் என்பது ஒன்றே விசாரணையை வேண்டி நிற்கும் சூழ்நிலைதான். ஆகவே மதிப்பீட்டறிக்கை உங்கள் மேசைக்கு வந்ததோடு உங்கள் வேலை தொடங்குகிறதே தவிர முடிவதில்லை.

189 ஆம் பிரிவையும் கூடவே வாசியுங்கள். பொறுப்பற்ற விதத்திலோ பாரதூரமான கவனயீனத்துடனோ நடக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, அந்தப் பணிப்பாளரின் அறிவும் அனுபவமும் உடைய ஒருவரிடம் நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய திறமையையும் கவனத்தையும் அது கேட்கிறது. முப்பது ஆண்டுகள் அடமானக் கோப்புகளைப் பார்த்த நீங்கள், காணி மதிப்பீடு எனக்கு விளங்காத விடயம் என்று பின்னொரு நாளில் சொல்ல முடியாது. உங்களை அழைப்பதற்குக் காரணமாயிருந்த அதே அனுபவத்தைக் கொண்டுதான் நாளை உங்கள் நடத்தையையும் அளப்பார்கள்.

இனி விடயத்துக்கு வருகிறேன். எண்கள் இல்லாமல் இதை விளக்குவது கடினம் என்பதால், விளங்குவதற்காக நானே அமைத்துக்கொண்ட ஓர் உதாரணத்தைப் பின்தொடர்வோம். கம்பனியின் கடைசிக் கணக்காய்வு செய்யப்பட்ட நிதிக்கூற்றுகளின்படி மொத்தச் சொத்து 600 கோடி ரூபாய். உரிமையாண்மை, அதாவது பங்குதாரர்களுக்குச் சேரும் பகுதி, 240 கோடி. கொலன்னாவைப் பக்கம் 120 பேர்ச் காணியும் அதன்மேல் ஒரு பழைய களஞ்சியமும் விலைக்கு வருகின்றன. காணி பேர்ச் 25 இலட்சம் வீதம் 30 கோடி, கட்டடம் 12 கோடி, மொத்தம் 42 கோடி. விற்பவர் தலைவரின் மனைவியும் மகனும் வைத்திருக்கும் தனியார் கம்பனி.

கொழும்புப் பங்குச் சந்தையின் பட்டியலிடல் விதிகள் இத்தகைய தொடர்புடைய தரப்புக் கொடுக்கல்வாங்கலுக்கு இரண்டு எல்லைகளை வைத்திருக்கின்றன. வழமையாகத் திரும்பத் திரும்ப நடக்காத ஒரு கொடுக்கல்வாங்கல், உரிமையாண்மையின் 10 வீதத்தை அல்லது மொத்தச் சொத்தின் 5 வீதத்தை, இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டினால், உடனடியாகச் சந்தைக்கு அறிவிக்கப்பட வேண்டும். நம் உதாரணத்தில் முதலாவது 24 கோடி, இரண்டாவது 30 கோடி. ஆகவே எல்லை 24 கோடி. அடுத்த எல்லை மொத்தச் சொத்தின் மூன்றிலொரு பங்கு, இங்கே 200 கோடி. அதை எட்டினால்தான் பங்குதாரர்களின் பொதுக் கூட்டத்துக்குப் போக வேண்டும். கம்பனிகள் சட்டத்தின் 185 ஆம் பிரிவு சொல்லும் பெரும் கொடுக்கல்வாங்கல் இன்னும் மேலே, சொத்தின் பெறுமதியில் பாதிக்கு மேல், இருக்கிறது.

இந்த இடைவெளியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். 24 கோடிக்கும் 200 கோடிக்கும் நடுவே கிடக்கும் எந்த விற்பனைக்கும் பங்குதாரரின் வாக்கு தேவையில்லை. சந்தைக்கு அறிவித்தல் போகும். ஆனால் அறிவித்தலை வாசித்த சிறு பங்குதாரர் அதை நிறுத்த முடியாது, விரும்பினால் பங்கை விற்றுவிட்டுப் போகலாம், அவ்வளவுதான். ஆகவே இந்த 42 கோடிக்கு உண்மையில் இருக்கும் ஒரே கதவு தொடர்புடைய தரப்புக் கொடுக்கல்வாங்கல் மீளாய்வுக் குழு. குறைந்தது மூன்று பேர், அவர்களில் குறைந்தது இரண்டு பேர் சுயாதீனப் பணிப்பாளர்கள், தலைமை தாங்குபவரும் சுயாதீனப் பணிப்பாளர். நம் நாட்டில் பல கம்பனிகளில் கணக்காய்வுக் குழுவில் இருப்பவர்களே இதிலும் இருப்பார்கள். உங்களையும் அப்படித்தான் போடுவார்கள் என்று நினைக்கிறேன். சுயாதீனப் பணிப்பாளர் என்றால் சபைக்கு ஓர் அலங்காரம் என்று பேசுவோர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை.

விதிகளில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, 24 கோடி என்பது அறிவித்தலுக்கான எல்லை மட்டுமே என்பது. விதிகளே விலக்களித்த சில வகைகளைத் தவிர, தொடர்புடைய தரப்புடனான எந்தக் கொடுக்கல்வாங்கலும் தொகை எவ்வளவானாலும் நடப்பதற்கு முன்னரே குழுவின் மீளாய்வுக்கு வர வேண்டும். முகாமையாளர்கள் இந்த இரண்டையும் குழப்புவார்கள், சிலர் தெரியாமல், சிலர் தெரிந்தே. எல்லைக்குக் கீழே இருக்கிறது, ஆகவே குழுவுக்கு வரத் தேவையில்லை என்று யாராவது சொன்னால், விதியைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.

இப்போது நம் காணி எப்படிச் சபைக்கு வரக்கூடும் என்று பார்ப்போம். 42 கோடிக்கான ஒரே சபைப் பத்திரமாக ஒரே தடவையில் வந்தால் அது நேர்மையான வருகை. ஆனால் மார்ச் மாதத்தில் ஒரு சபைப் பத்திரம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: முன்பக்கத்து 45 பேர்ச்சும் களஞ்சியமும், 23 கோடி 25 இலட்சம். பின்பக்கத்து 75 பேர்ச்சைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஏப்ரலில் இரண்டாவது பத்திரம் வருகிறது, 18 கோடி 75 இலட்சம். ஒரே நிதியாண்டுக்குள் அதே தரப்புடன் செய்தவற்றைக் கூட்டிப் பார்க்க வேண்டும் என்று விதி சொல்கிறது. ஆனால் நிதியாண்டு மார்ச் 31 உடன் முடிந்துவிட்டதே! இரண்டும் தனித்தனியே 24 கோடிக்குக் கீழே, இரண்டும் வெவ்வேறு ஆண்டில். சந்தைக்கு அறிவித்தலும் இல்லை.

இதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. எல்லைக்கு ஒட்டினாற்போல் கீழே நிற்கும் எந்தத் தொகையும் முதலில் கண்ணில் குத்த வேண்டும். அடுத்ததாக நில அளவைப் படத்தைக் கேளுங்கள். 120 பேர்ச்சாக இருந்த காணியை 45 ஆகவும் 75 ஆகவும் பிரித்து வரைந்த படம் எந்தத் திகதியில் வரையப்பட்டது, அதை யார் கேட்டு வரைந்தார்கள், பின்பக்கக் காணிக்குத் தனியாகப் பாதை இருக்கிறதா? பாதையில்லாத 75 பேர்ச்சை வேறு யாரும் வாங்கப் போவதில்லை. ஆகவே முதல் பத்திரத்தில் கையெழுத்து வைக்கும்போதே இரண்டாவதும் தீர்மானமாகிவிட்டது. அப்படியானால் இது உள்ளடக்கத்தில் ஒரே விற்பனை. அதை ஒன்றாகவே மீளாய்வு செய்கிறோம், 42 கோடியாகவே அறிவிக்கிறோம் என்று குழு எழுதி வைக்க வேண்டும்.

விலைக்கு வருவோம். மதிப்பீட்டறிக்கையைத் திறந்தவுடன் கடைசிப் பக்கத்துத் தொகையைப் பார்க்காதீர்கள். முதல் பக்கத்தைப் பாருங்கள். யார் கேட்டு இந்த மதிப்பீடு செய்யப்பட்டது, எந்த நோக்கத்துக்காக, எந்தத் திகதியில்? நான் பார்த்த அறிக்கைகளில் ஒன்று விற்பவரின் வங்கிக் கடனுக்காக எடுக்கப்பட்டிருந்தது. அதைத்தான் வாங்கும் கம்பனியின் சபைக்கும் பிரதியெடுத்துக் கொடுத்திருந்தார்கள். மதிப்பீட்டாளர் பட்டயம் பெற்றவர், கையெழுத்தும் உண்மையானது, ஆனால் அவர் நம் கம்பனிக்காக எதையும் செய்யவில்லை. குழு தானே ஒரு மதிப்பீட்டாளரைத் தெரிவு செய்து, தானே அறிவுறுத்தற் கடிதம் எழுதி, அறிக்கையை நேரே குழுத் தலைவருக்கு அனுப்பச் சொல்வது ஒன்றுதான் இதற்கு வழி. செலவு சில இலட்சங்கள். நிதிப் பணிப்பாளர் முணுமுணுப்பார், அவ்வளவுதான்.

அடுத்தது ஒப்பீட்டு விற்பனைகள். பேர்ச் 25 இலட்சம் என்பதற்கு ஆதாரமாக மதிப்பீட்டாளர் எதைக் காட்டியிருக்கிறார்? பத்திரிகையிலும் இணையத்திலும் வந்த விளம்பர விலைகளா, பதிவு செய்யப்பட்ட உறுதிகளின் விலைகளா? விளம்பரம் விற்பவரின் ஆசை மட்டுமே. காணிப் பதிவகத்தில் அந்தக் காணியின் பதிவேட்டுப் பக்கத்தை எடுத்தால், விற்பவர் அதை எப்போது, யாரிடமிருந்து, என்ன விலைக்கு வாங்கினார் என்பது தெரியும். நம் உதாரணத்தில் 14 மாதங்களுக்கு முன் பேர்ச் 16 இலட்சம் என்று உறுதியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 16 இலட்சம் 25 இலட்சமாவதற்கு 56 வீத ஏற்றம் வேண்டும். அந்தத் தெருவில் அப்படி என்ன நடந்தது?

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். முத்திரைத் தீர்வையைக் குறைப்பதற்காக உறுதியில் விலையைக் குறைத்து எழுதும் பழக்கம் நம் ஊரில் இல்லையென்று யாரும் சொல்ல மாட்டார்கள். வங்கியில் இருந்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே உறுதி விலை என்பது தீர்ப்பல்ல, ஒரு கேள்விதான். ஆனால் விற்பவர் அந்தக் கேள்விக்கு எழுத்தில் விடை தர வேண்டும். குறைத்து எழுதினோம் என்று எழுத்தில் சொல்ல யாருக்கும் மனம் வராது என்பதால், விடை வரும் விதமே பல விடயங்களைச் சொல்லிவிடும்.

கட்டடத்துக்கு 12 கோடி என்பதையும் இப்படியே பிரித்துப் பாருங்கள். இன்று புதிதாகக் கட்டினால் என்ன செலவு, அதிலிருந்து வயதுக்கும் தேய்வுக்கும் எவ்வளவு கழித்தார், கூரை யாரால் பார்க்கப்பட்டது? கொலன்னாவை என்பதால் இன்னொரு கேள்வியும் உண்டு. 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவையின் பல பகுதிகள் நீரில் மூழ்கின. அப்போது இந்தக் களஞ்சியத்தில் தண்ணீர் எந்த உயரத்தில் நின்றது, அதன்பின் காப்புறுதிக் கம்பனி வெள்ளத்துக்கு என்ன கட்டணம் கேட்கிறது? காப்புறுதி ஒப்பந்தத்தின் பிரதி ஒன்று, மதிப்பீட்டறிக்கையின் பத்துப் பக்கங்களைவிட அதிகம் பேசும்.

விலை சரியென்றே வைத்துக்கொள்வோம். இதை ஏன் வாங்க வேண்டும் என்ற கேள்வி இன்னும் மிச்சமிருக்கிறது. என் அனுபவத்தில் அதிகம் விடுபடுவது இதுதான். குழு விலையையே பார்த்துக்கொண்டிருக்கும்போது தேவை நழுவிவிடுகிறது. இதே அளவுக் களஞ்சியத்தை மாதம் 15 இலட்சத்துக்கு வாடகைக்கு எடுக்கலாம் என்றால் ஆண்டுக்கு 1 கோடி 80 இலட்சம். 42 கோடியைக் கம்பனி 12 வீத வட்டிக்குக் கடனெடுத்தால் வட்டி மட்டும் ஆண்டுக்கு 5 கோடி 4 இலட்சம். வாங்குவதால் மிச்சமாகும் வாடகை, விலையின் 4 வீதத்துக்குச் சற்று மேல்தான். காணி விலை ஏறும் என்பார்கள். ஏறலாம். ஆனால் தேயிலையோ ஓடுகளோ மருந்துகளோ விற்கும் கம்பனியின் பங்குதாரர்கள் காணி விலை ஏறும் என்று பந்தயம் கட்டுவதற்காகப் பணம் போட்டவர்கள் அல்லர். கம்பனியின் நலனுக்காக என்று 187 ஆம் பிரிவு சொல்லும்போது இந்தக் கணக்கைத்தான் கேட்கிறது. இந்தக் கணக்குப் பத்திரத்தில் இல்லையென்றால், பத்திரம் முழுமையாகவில்லை என்று திருப்பி அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு.

விற்பவருக்குப் பணம் எதற்குத் தேவை என்பதையும் பாருங்கள். காணியில் அடமானம் இருக்கிறதா, எந்த வங்கிக்கு, எவ்வளவு, எப்போது தவணை? குடும்பத்துக் கம்பனி கடனில் திணறும்போது பட்டியலிடப்பட்ட கம்பனி திடீரென்று களஞ்சியம் தேடுவது தற்செயலாக இருக்கலாம். தற்செயல் என்பதைக் காட்ட வேண்டிய பொறுப்பு விற்பவருடையது.

குடும்பத்துச் சொத்தைப் பட்டியலிடப்பட்ட கம்பனி வாங்கும்போது என்ன நடக்கலாம் என்பதற்கு இந்தியாவின் சத்யம் கம்பனியைவிடத் தெளிவான சான்று இல்லை. 2008 டிசம்பர் 16 அன்று அதன் பணிப்பாளர் சபை, நிறுவனர் குடும்பத்துடன் தொடர்புடைய மெய்டாஸ் என்ற பெயரிலான இரண்டு கம்பனிகளை ஏறத்தாழ 160 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்க ஒப்புதல் அளித்தது. (சத்யம் என்பதை ஆங்கில எழுத்தில் எழுதிப் பின்னாலிருந்து வாசித்தால் மெய்டாஸ்; பெயரே பலகையில் எழுதி மாட்டியிருந்தது.) சபையில் ஹார்வர்ட் பேராசிரியர் ஒருவர் உட்படப் பெயர்பெற்ற சுயாதீனப் பணிப்பாளர்கள் இருந்தார்கள். முதலீட்டாளர்கள் கொதித்தெழுந்ததால் சில மணி நேரத்திலேயே முடிவு கைவிடப்பட்டது. 2009 ஜனவரி 7 அன்று தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய பணத்திலும் வங்கி மீதியிலும் 5,040 கோடி இந்திய ரூபாய் இல்லாத பணம் என்றும், மெய்டாஸ் கொள்வனவு அந்தப் பொய்ச் சொத்துகளை உண்மைச் சொத்துகளால் நிரப்புவதற்கான கடைசி முயற்சி என்றும் ஒப்புக்கொண்டார்.

அந்தச் சபையில் இருந்தவர்கள் படிப்பில்லாதவர்கள் அல்லர். வாங்குவது நல்லதா, விலை சரியா என்பவற்றைச் சுற்றிப் பேசும் சபைக்கு, இதற்குக் கொடுக்கப்போகும் பணம் உண்மையில் வங்கியில் இருக்கிறதா என்று கேட்கத் தோன்றாது. அதுதான் இந்த விடயத்தில் எனக்கு எப்போதும் உறுத்துவது. அந்தக் கேள்வியின் இடம் கணக்காய்வுக் குழு. அதனால்தான் உங்களுக்குக் கிடைக்கப்போகும் இரண்டு நாற்காலிகளையும் தனித்தனியாக நினைக்காதீர்கள் என்கிறேன்.

கணக்காய்வுக் குழுவின் அமைப்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2023 இல் திருத்தப்பட்ட விதிகளின்படி குறைந்தது மூன்று உறுப்பினர்கள், பெரும்பான்மை சுயாதீனப் பணிப்பாளர்கள், காலாண்டுக்கு ஒரு தடவையேனும், நிதிக்கூற்றுகள் சந்தைக்குப் போகுமுன், கூட வேண்டும். ஆண்டின் முதல் மூன்று காலாண்டுகளிலும் காலாண்டு முடிந்து 45 நாட்களுக்குள் அந்தக் கூற்றுகள் வெளியாக வேண்டியிருப்பதால், நடைமுறையில் குழுவுக்குக் கிடைப்பது கடைசி வாரத்தின் ஒரு மாலைப் பொழுது. அந்த மாலையில் இலாப நட்டக் கூற்றை வரிவரியாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் ஐந்தொகைக்குப் போய் ‘முற்கொடுப்பனவுகளும் ஏனைய வருமதிகளும்’ என்ற வரியில் நில்லுங்கள்.

ஏனென்றால் என்னைச் சுட்ட நெருப்பு அங்கேதான் இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் நான் கணக்காய்வுக் குழுவில் இருந்த ஒரு கம்பனியில், பெயர் வேண்டாம், அந்த வரி ஒரே காலாண்டில் ஆறு கோடியளவு கூடியிருந்தது. நான் கேட்டேன். இயந்திரம் ஒன்றுக்கு முற்பணம் என்று நிதிப் பணிப்பாளர் சொன்னார். கடிகாரம் இரவு எட்டரை; மறுநாள் காலை கூற்றுகள் போக வேண்டும். நான் தலையாட்டினேன். அடுத்த காலாண்டில்தான் அது தலைவரின் சகோதரரின் கம்பனிக்குக் கட்டடம் ஒன்றுக்காகக் கொடுத்த முற்பணம் என்பது தெரிந்தது. குழுவின் முன் யோசனை வந்தபோது பணம் ஏற்கெனவே போய்விட்டது. இனி மறுத்தால் முற்பணம் திரும்பி வராது என்பதையே ஒப்புதலுக்குக் காரணமாகக் காட்டினார்கள். அன்று நான் கேட்டிருக்க வேண்டியது ஒரே ஒரு தாள்: அந்த வரியின் விபரப் பட்டியல், பெறுநரின் பெயரோடு. கேட்டிருந்தால் பத்து நிமிடத்தில் வந்திருக்கும். நான் கேட்காதது நேரமில்லாததால் அல்ல, கேட்டால் நம்பவில்லை என்று நினைப்பார்களே என்ற கூச்சத்தால்தான்.

அன்றிலிருந்து மூன்று விடயங்களை ஒவ்வொரு காலாண்டிலும் கேட்கிறேன், யாரும் முகம் சுளிக்காதபடி வழமையாகவே ஆக்கிவிட்டேன். முற்பணங்களின் பெயர்வாரிப் பட்டியல். பணிப்பாளர்களும் அவர்களின் நெருங்கிய குடும்பத்தவரும் பங்கு வைத்திருக்கும் கம்பனிகளின் புதுப்பித்த பட்டியல், அதைக் கொடுப்பனவுப் பதிவோடு ஒப்பிட்ட உள்ளகக் கணக்காய்வாளரின் குறிப்பு. ஆண்டு முடிவில், முகாமையாளர்கள் வெளியே போன பின் வெளிவாரிக் கணக்காய்வாளரிடம் ஒரு கேள்வி: வங்கி மீதி உறுதிப்படுத்தல்கள் வங்கியிலிருந்து உங்களுக்கு நேரே வந்தனவா, கம்பனியின் கை வழியாக வந்தனவா? கடைசிக் கேள்விக்கு நேரே அல்லது கை வழியாக என்பதைத் தவிர வேறு எந்த நீண்ட விடை வந்தாலும் நான் குறிப்பெடுத்துக்கொள்வேன்.

இந்த முறைகளுக்கும் எல்லை உண்டு. பணிப்பாளர் தாமாக எழுதிக் கொடுக்காத கம்பனி பட்டியலில் இருக்காது. 192 ஆம் பிரிவு அக்கறையுள்ள, அதாவது அந்தக் கொடுக்கல்வாங்கலில் தமக்கு நலன் உள்ள, பணிப்பாளரைத் தம் அக்கறையின் தன்மையையும் பெறுமதியையும் வெளிப்படுத்தி அக்கறைப் பதிவேட்டில் பதியச் சொல்கிறது. மைத்துனரின் பெயரிலோ சாரதியின் பெயரிலோ வைத்திருப்பதை எந்தப் பதிவேடும் தானாகப் பிடிக்காது. சுயாதீனப் பணிப்பாளர் துப்பறிவாளர் அல்லர். சட்டம் அதைக் கேட்கவுமில்லை. கண்ணில் பட்டதைக் கடந்து போகாதே என்றுதான் கேட்கிறது.

கூட்டத்தில் எப்படி நடந்துகொள்வது என்பதையும் கேட்பீர்கள். காணி பற்றிய பேச்சு தொடங்கும்போது தலைவர் அறையில் இருக்கக் கூடாது. விபரம் கேட்டால் வந்து சொல்லலாம், சொல்லிவிட்டுப் போக வேண்டும். இதை வாயால் சொல்வது எளிது. கொழும்பில் நம்மவர்களின் வட்டம் சிறியது. தலைவர் உங்களுக்குப் பாடசாலையில் மூத்தவராகவோ, கோயில் திருவிழாவில் பக்கத்தில் நிற்பவராகவோ இருப்பார், ‘தம்பி, நான் இருந்தால் உங்களுக்கு இடைஞ்சலா?’ என்று சிரித்துக்கொண்டே கேட்பார். அந்த இடத்தில் விதியைச் சொல்ல வேண்டியவர் கம்பனிச் செயலாளர். கூட்டத்துக்கு முன்னரே செயலாளரிடம் பேசி, நிகழ்ச்சிநிரலிலேயே ‘இந்த விடயத்தின்போது தலைவர் விலகியிருப்பார்’ என்று அச்சிட வைத்துவிடுங்கள். முகத்துக்கு நேரே சொல்ல வேண்டிய சங்கடம் உங்களுக்கும் இல்லை, அவருக்கும் இல்லை.

கூட்டக் குறிப்பின் வரைவு வந்ததும் அன்றே வாசியுங்கள். ‘குழு விரிவாக ஆராய்ந்து ஒப்புதல் அளித்தது’ என்ற வாக்கியம் யாரையும் காப்பாற்றாது. எந்தப் பத்திரங்களைப் பார்த்தோம், என்ன கேட்டோம், என்ன விடை வந்தது, எந்த நிபந்தனையில் ஒப்புக்கொண்டோம் என்பவை இருக்க வேண்டும். நம் உதாரணத்தில் குழு நியமித்த மதிப்பீட்டாளர் காணிக்குப் பேர்ச் 19 இலட்சமும் கட்டடத்துக்கு 7 கோடியும் தந்தால் மொத்தம் 29 கோடி 80 இலட்சம். கேட்ட விலைக்கும் இதற்கும் 12 கோடிக்கு மேல் இடைவெளி. இரண்டு மதிப்பீட்டின் நடுவே எடுப்போம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். ஒன்று நமக்காகச் செய்யப்பட்டது, மற்றது விற்பவருக்காகச் செய்யப்பட்டது. அவற்றின் சராசரிக்கு ஒரு பொருளும் இல்லை. முப்பது கோடிக்கு மேற்படாத விலை, ஒரே உடன்படிக்கை, நொத்தாரிசு முன் உறுதி எழுதி அடமானம் நீக்கப்படும் நாளிலேயே பணம், உடனடி அறிவித்தல், இவை இல்லாவிட்டால் பரிந்துரை இல்லை என்று எழுதிக் கொடுக்கலாம்.

சபை உங்களை மீறிப் போனால் உங்கள் மறுப்பைக் காரணத்தோடு குறிப்பில் பதியச் சொல்லுங்கள். பதிய மறுத்தால் செயலாளருக்குக் கடிதமாக அனுப்புங்கள். மறுப்பைப் பதியாமல் ‘தனிப்பட்ட காரணங்களுக்காக’ விலகுவதைப் பலர் கௌரவமான வழி என்று நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது நீங்கள் கண்டதை உங்களோடு வீட்டுக்குக் கொண்டுபோய், அடுத்து வருபவரை அதே குழியில் இறக்கிவிடுகிறது.

உங்கள் சுயாதீனம் பற்றியும் ஒரு சொல். ஆண்டுதோறும் நீங்கள் கையொப்பமிட்டு ஒரு பிரகடனம் கொடுப்பீர்கள். குடும்ப உறவு, கணிசமான பங்கு, வியாபாரத் தொடர்பு, அதே சபையில் ஒன்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட சேவை ஆகியவை அதைக் குலைக்கும். நீங்கள் இருந்த வங்கி இந்தக் கம்பனிக்கோ தலைவரின் குடும்பக் கம்பனிக்கோ கடன் கொடுத்திருக்கிறதா, அந்தக் கோப்பில் உங்கள் கையெழுத்து இருக்கிறதா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். விதியின் சொற்களுக்குள் அது வராமல் போகலாம். ஆனாலும் நியமனத்துக்கு முன்னரே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

பதவியை ஏற்கும் கடிதத்தில் கையெழுத்து வைக்குமுன் கடந்த எட்டுக் காலாண்டுகளின் கணக்காய்வுக் குழு மற்றும் மீளாய்வுக் குழுக் கூட்டக் குறிப்புகளையும், அக்கறைப் பதிவேட்டையும், கணக்காய்வாளர் முகாமைக்கு எழுதிய கடைசிக் கடிதத்தையும் கேளுங்கள். இரகசியம் என்றால் இரகசியக் காப்பு உடன்படிக்கையில் ஒப்பமிட்டு வாசியுங்கள். அவற்றோடு சேர்த்து, நீங்கள் கேள்விப்பட்ட அந்தக் காணிக்கு இதுவரை ஏதாவது பணம் போயிருக்கிறதா என்று நிதிப் பணிப்பாளரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள், வாய்ப்பேச்சில் அல்ல. போயிருக்கிறது என்று விடை வந்தால், உங்களிடம் கேட்கப்படுவது மீளாய்வு அல்ல, முடிந்த காரியத்துக்கு ஒரு கையெழுத்து; அந்த முற்பணத்தை விற்பவர் திருப்பிக் கம்பனியின் கணக்கில் வைப்பிட்ட வங்கிக் கூற்றைக் காணும்வரை சம்மதக் கடிதத்தை உங்கள் மேசையிலேயே வைத்திருங்கள்.